சீலியாக் உள்ளவருக்குப் பாக்கெட் உணவு வாங்குவது எப்படி: பின்பக்கத்திலிருந்து படிக்கும் முறை

என் மகளுக்கு எட்டு வயதில் சீலியாக் நோய் என்று உறுதியானது. கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் அவள் உடம்பே அவளுடைய சிறுகுடலைத் தாக்கும். மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்க குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் வைத்தியம். ஆறு வருஷமாகத் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். புதிதாக நோய் தெரிந்த குடும்பங்களோடும் கடைக்குப் போயிருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: பாக்கெட்டின் முன்பக்கத்தைப் படித்துவிட்டு, நம்பிக்கையோடு பின்பக்கத்தைத் திருப்புகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையை மாற்றுவதற்காக எழுதியது.

1. கடைக்குக் கிளம்பும் முன்

நோய் உறுதியாகிவிட்டதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் மட்டும் இருக்கும்போதே கோதுமையை நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் பொய்யாக 'ஒன்றுமில்லை' என்று காட்டலாம். பரிசோதனை முடிந்து மருத்துவர் சொன்ன பிறகுதான் உணவை மாற்ற வேண்டும்.

கடைக்குப் போகும்போது ஒரு சின்ன நோட்டு, பேனா, கையில் போன். பாக்கெட்டின் எழுத்து அரிசி நொய்யை விடச் சிறியதாக இருக்கும். போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிப்பதுதான் வசதி. உருப்பெருக்கிக் கண்ணாடியெல்லாம் வேண்டாம். சாயங்காலக் கூட்டத்தில் போகாமல் காலையில் போங்கள். முதல் இரண்டு மூன்று முறை ஒரு பாக்கெட்டுக்கே ஐந்து நிமிஷம் ஆகும். பின்னால் ஆள் நின்றால் அவசரத்தில் ஒரு வரி விட்டுப்போகும்.

2. எதைப் பாக்கெட்டாக வாங்க வேண்டும், எதை வேண்டாம்

இந்த முடிவை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். நம் ஊரில் இது மற்ற இடங்களை விடச் சுலபம். ராகியும் சாமையும் விளைகிற மண் இது. ராகியில் குளூட்டன் இல்லை. சாமை, கம்பு, சோளம், அரிசி, பருப்பு எதிலும் இல்லை. ஆனால் தானியமாக வாங்குகிறோமா, மாவாக வாங்குகிறோமா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

முழுத் தானியத்தில் கோதுமை மணி கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும், எடுத்துவிடலாம். மாவாகிவிட்டால் எடுக்க வழியே கிடையாது. எவ்வளவு கலந்தால் ஆபத்து என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோதுமை மணி சுமார் 40 மில்லிகிராம் எடை. அதில் மூன்று, நான்கு மில்லிகிராம் குளூட்டன். 'குளூட்டன் இல்லாதது' என்று போட்டு விற்கச் சட்டம் அனுமதிக்கும் எல்லை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அப்படியென்றால் ஒரு கிலோ ராகியில் ஐந்தாறு கோதுமை மணி இருந்தாலே எல்லையைத் தொட்டுவிடும். ஒரே களத்தில் காயவைத்தாலோ, கோதுமை இருந்த சாக்கிலேயே ராகியைக் கட்டினாலோ ஐந்தாறு மணி சாதாரணமாகச் சேர்ந்துவிடும்.

அதனால் ராகியையும் சாமையையும் முழுசாக வாங்குங்கள். 2023-லிருந்து தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி தரும் திட்டம் வந்தது. அதுவும் முழுத் தானியம்தான், சுத்தம் செய்து பயன்படுத்தலாம். ராகி மணி மிகச் சிறியது என்பது நமக்கு வரம்: சின்னக் கண் சல்லடையில் சலித்தால் ராகி கீழே இறங்கிவிடும், கோதுமை மேலே நிற்கும். அரிசிக்கு இந்த வசதி கிடையாது, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. அதை முறத்தில் போட்டு நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சலித்த பின் இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுங்கள். மேலே ஒட்டிய மாவுத் தூசியும் போய்விடும். தனியாக வைத்த துணியில் காயவைத்து வீட்டு மிக்ஸியில் அரையுங்கள்.

மாவு மில்லில் கொடுத்து அரைக்காதீர்கள். முந்தின ஆள் அரைத்த கோதுமை மாவு கல்லிலும் குழாயிலும் துணிப்பையிலும் நிற்கும். உங்கள் ராகி மாவு அதைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வரும். 'காலையில முதல் ஆளா வந்து அரைச்சுக்கறோம்' என்று பலர் சொல்வார்கள். நேற்று ராத்திரி கடைசியாக அரைத்தது கோதுமை என்றால் முதல் ஆளாக வந்து என்ன பயன்?

ஆக, பாக்கெட்டைப் படித்து வாங்க வேண்டியவை இவைதான்: கடலை மாவு, அரிசி மாவு போன்ற மாவு வகைகள், சேமியா, பிஸ்கட், ரொட்டி, ஓட்ஸ், பொடி வகைகள், சாஸ், சிப்ஸ், மிக்சர், சாக்லேட், பாலில் கலக்கும் பானப் பவுடர்கள். கடையில் எடை போட்டுத் தரும் மாவு, மிக்சர், முறுக்கு எல்லாவற்றையும் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். படிக்க லேபிளே இல்லாத பொருளில் நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

3. பாக்கெட்டைத் திருப்பி, 'கன்டெய்ன்ஸ்' வரியை முதலில் தேடுங்கள்

முன்பக்கத்தைப் பார்க்காமல் திருப்புங்கள். 'சிறுதானியம்', 'நோ மைதா', 'இயற்கை' என்று பெரிய எழுத்தில் படித்துவிட்டால் பின்பக்கத்தை அதற்கு ஏற்றபடிதான் மனசு படிக்கும். நானே அப்படி ஏமாந்திருக்கிறேன்.

பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியலின் கீழே, பெரும்பாலும் தடித்த எழுத்தில், 'கன்டெய்ன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். ஒவ்வாமை தரும் பொருள்களை இப்படி அறிவிக்க வேண்டும் என்று 2020-ல் வந்த லேபிள் விதிகள் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் முதலில் இருப்பதே குளூட்டன் உள்ள தானியங்கள்: கோதுமை, ரை, பார்லி, ஓட்ஸ், ஸ்பெல்ட். இந்த வரியில் 'வீட்', 'பார்லி', 'குளூட்டன்' மூன்றில் ஒன்று இருந்தாலும் பாக்கெட்டைத் திருப்பி அடுக்கிவிடுங்கள். வேறு எதையும் படிக்க வேண்டாம்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் வேகம்தான். ஒரு அலமாரியில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரியிலேயே கழிந்துவிடும்.

ஆனால் ஒன்று. இந்த வரியில் கோதுமை இல்லை என்பதாலேயே வாங்கிவிட முடியாது. சின்ன உற்பத்தியாளர்கள், சுயஉதவிக் குழுவினர், வீட்டிலேயே பொடி செய்து விற்பவர்கள் பலர் இந்த வரியைப் போடுவதே இல்லை. கெட்ட எண்ணம் கிடையாது, அவர்களுக்குத் தெரியாது. எனவே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

4. சேர்மானப் பட்டியலில் ஒளிந்திருக்கும் கோதுமை

சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகப் போடுவார்கள். நமக்கு அந்த வரிசை முக்கியமில்லை, கடைசியில் இருப்பதும் ஆபத்துதான். முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள்.

கோதுமைக்குப் பல பெயர். ஆட்டா, மைதா, ரவை, சூஜி, செமோலினா, தலியா, ரிஃபைன்டு வீட் ஃப்ளார், எல்லாம் கோதுமையேதான். சம்பா கோதுமையும் கோதுமையே. 'அது நம்ம பாரம்பரியக் கோதுமை, ஒன்னும் செய்யாது' என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, குழந்தைக்குக் கொடுக்காமல் இருந்துவிடுங்கள். 'நோ மைதா' என்று போட்ட பிஸ்கட்டில் மைதாவுக்குப் பதிலாக ஆட்டா இருக்கும். சர்க்கரை நோய்க்காரர்களுக்காகச் செய்த விளம்பரம் அது.

அடுத்தது மால்ட். மால்ட் என்று மட்டும் போட்டிருந்தால் பார்லி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'மால்ட் எக்ஸ்ட்ராக்ட்' சாக்லேட்டிலும் கார்ன்ஃப்ளேக்ஸ் போன்ற காலை உணவுகளிலும் வரும். கார்ன்ஃப்ளேக்ஸில் மக்காச்சோளம் மட்டும்தானே என்று வாங்கிவிடுவோம், மூன்றாவதோ நான்காவதோ இடத்தில் மால்ட் இருக்கும். ஆனால் 'மால்டோடெக்ஸ்ட்ரின்' வேறு பொருள். பெயரில் மால்ட் இருந்தாலும் பார்லிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மக்காச்சோளம் அல்லது மரவள்ளி மாவுச்சத்திலிருந்து எடுப்பதே வழக்கம். இதைப் பார்த்து நல்ல பொருளைக் கீழே வைத்துவிட்டு வருபவர்கள் நிறையப் பேர்.

நம் சமையலறையில் மிகப் பெரிய கண்ணி பெருங்காயம். கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை 'காம்பவுண்டட்' பெருங்காயம், அதாவது கூட்டுப் பெருங்காயம். பிசினின் காரத்தைத் தணித்துப் பொடியாக்க மாவு சேர்க்கிறார்கள். அது பல நிறுவனங்களில் கோதுமை மாவு. பொடி மட்டும் அப்படி, கட்டி சுத்தமானது என்று நினைக்காதீர்கள், டப்பாவில் வரும் கட்டியிலும் மாவு கலந்திருக்கும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் விற்கிறது. லேபிளில் அரிசி மாவு என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

இந்தப் பெருங்காயம்தான் சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, அப்பளம், மோர் மசாலா எல்லாவற்றுக்குள்ளும் போகிறது. அங்கே லேபிள் விதியில் ஒரு நுணுக்கம் உண்டு. கூட்டுப் பொருள் ஒன்று மொத்த எடையில் ஐந்து சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்து எழுத வேண்டியதில்லை. ரசப் பொடியில் 'பெருங்காயம்' என்ற ஒற்றைச் சொல்லோடு பட்டியல் முடிந்துவிடலாம். கோதுமை இருந்தால் 'கன்டெய்ன்ஸ்' வரியில் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த வரியே இல்லாத சின்னப் பாக்கெட்டில் உங்களுக்குத் தடயமே இருக்காது. என் விதி இது: பெருங்காயம் என்று இருந்து, அதில் என்ன மாவு என்று தெரியாவிட்டால், அந்தப் பொடியை வாங்குவதில்லை. மிளகாயும் மல்லியும் வறுத்து வீட்டில் அரைத்துக்கொள்கிறேன்.

சோயா சாஸ், சத்துமாவு இரண்டும் இதே வகை. சோயா சாஸைக் கோதுமை சேர்த்துப் புளிக்க வைப்பதே வழக்கம். சத்துமாவில், அங்கன்வாடியில் தருவது உட்பட, கோதுமை உண்டு. ஓட்ஸை மருத்துவரிடம் கேட்காமல் தொடவேண்டாம். சாதாரண ஓட்ஸ் வயலிலேயே கோதுமையோடு கலந்து வருகிறது.

5. கலப்பு எச்சரிக்கை: இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன

சேர்மானத்தில் கோதுமை இல்லை என்று உறுதியான பிறகுதான் இந்த வரிக்கு வருகிறோம். 'மே கன்டெய்ன் வீட்' என்று இருக்கும். அல்லது 'கோதுமை கையாளும் ஆலையில் தயாரிக்கப்பட்டது' என்றோ, 'அதே இயந்திரத்தில் செய்யப்பட்டது' என்றோ இருக்கும். வார்த்தைகள் வேறுவேறாக இருந்தாலும் ஒன்றுக்கொன்று ஆபத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பதாக நினைக்காதீர்கள். எந்த நிறுவனம் எந்தச் சொல்லைப் போடுகிறது என்பது அதன் விருப்பம். 'ஆலை' என்று மென்மையாகப் போட்ட இடத்திலும் ஒரே இயந்திரத்தில் காலையில் கோதுமையும் மாலையில் ராகியும் ஓடியிருக்கலாம்.

புதியவர்கள் எல்லோருக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது: இந்த எச்சரிக்கையைப் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 'கன்டெய்ன்ஸ்' கட்டாயம். 'மே கன்டெய்ன்' போடலாம் என்றுதான் விதி சொல்கிறது. ஆகவே எச்சரிக்கை இல்லாத பாக்கெட் எச்சரிக்கை உள்ள பாக்கெட்டை விடப் பத்திரமானது என்று அர்த்தமாகாது. பல சமயம் எச்சரிக்கை போட்டவர்தான் தன் ஆலையில் என்ன நடக்கிறது என்று யோசித்திருப்பார். போடாதவர் யோசித்தே இருக்கமாட்டார்.

மசாலா அலமாரி முன்னால் ஒரு அப்பா இரண்டு மிளகாய்த் தூள் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றில் எச்சரிக்கை இருந்தது, மற்றதில் இல்லை. "இதுல ஒன்னும் எழுதலைங்க்கா, இதையே எடுத்துக்கலாம்ல?" என்று கேட்டார். இரண்டையும் வைத்துவிட்டு முழு மிளகாய் வாங்கச் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் எழுதாத பாக்கெட்டைப் பற்றி எங்கள் இருவருக்கும் எதுவும் தெரியாது என்பதுதான் உண்மை.

எச்சரிக்கை இருந்தால் முடிவு நேரானது: வாங்காதீர்கள். இல்லாவிட்டால் பொருளைப் பொறுத்து யோசிக்க வேண்டும். சர்க்கரை, உப்பு, பால், தயிர், எண்ணெய், மாம்பழக் கூழ் போன்றவை கோதுமை அருகிலேயே வராத இடத்தில் தயாராகின்றன. சேர்மானம் சரியாக இருந்தால் வாங்கலாம். கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் டப்பாவில் மாம்பழமும் சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் அரைத்த எதுவும், அதாவது மாவு, பொடி, சேமியா, பிஸ்கட், நொறுக்குத்தீனி எதுவானாலும், கோதுமையும் ஓடும் இயந்திரத்தில் ஓடியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அவற்றை 'குளூட்டன் ஃப்ரீ' என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

6. கடைசியாக முன்பக்கம்: 'குளூட்டன் ஃப்ரீ' என்ற சொல்லின் பொருள்

இப்போது பாக்கெட்டை முன்னால் திருப்பலாம். நம் நாட்டு விதிப்படி அந்தச் சொல்லைப் போடும் உணவில் குளூட்டன் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பூஜ்யம் என்று பொருள் இல்லை.

இந்த அளவு போதுமா என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் வரும். கணக்கு இப்படி. 2007-ல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வில் சீலியாக் உள்ள பெரியவர்களுக்கு 90 நாள் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் கொடுத்தபோது குடலில் சேதம் தெரிந்தது. தினசரி 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சேதம் வருவதில்லை என்பது பொதுவான கருத்து. குழந்தை ஒரு நாளில் 250 கிராம் குளூட்டன் இல்லாத பாக்கெட் உணவு சாப்பிட்டு, அது முழுக்க எல்லையைத் தொட்டுக்கொண்டே இருந்தாலும், 5 மில்லிகிராம்தான். அந்த 50 மில்லிகிராம் குளூட்டன் எவ்வளவு மைதாவில் இருக்கும் தெரியுமா? டீஸ்பூனில் கால் பங்கு கூட இல்லை.

'லோ குளூட்டன்' என்று எழுதியிருந்தால் அது வேறு வகை, கிலோவுக்கு 20 முதல் 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். சீலியாக் உள்ளவருக்கு வேண்டாம்.

சில பாக்கெட்டில் முன்பக்கம் 'குளூட்டன் ஃப்ரீ' என்றும் பின்பக்கம் 'மே கன்டெய்ன் வீட்' என்றும் இரண்டும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாது. பரிசோதனை செய்து எல்லைக்குள் இருக்கிறது என்று தெரிந்துதான் முதல் வரியைப் போட்டார்களா, அல்லது ராகியில் குளூட்டன் இல்லை என்ற பொது அறிவில் போட்டார்களா என்று லேபிளைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

7. நிறுவனத்துக்குப் போன் செய்வது

பாக்கெட்டில் வாடிக்கையாளர் எண் இருக்கும். 'உங்கள் பிஸ்கட்டில் கோதுமை இருக்கா?' என்று கேட்காதீர்கள். 'இல்லைங்க மேடம்' என்று பதில் வரும், அது ஏற்கெனவே லேபிளில் தெரிந்த விஷயம். நான் கேட்பது மூன்று கேள்வி.

முதலாவது: இதே இயந்திரத்தில் கோதுமைப் பொருள் ஏதாவது ஓடுதுங்களா? இரண்டாவது: ஓடினால் நடுவில் எப்படிச் சுத்தம் செய்யறீங்க? மூன்றாவது: குளூட்டன் பரிசோதனை ஒவ்வொரு பேட்சுக்கும் செய்யறீங்களா, கடைசியா வந்த முடிவு எவ்வளவு?

ஓசூர் கடை ஒன்றில் ஒரு சாமை குக்கீஸ் பாக்கெட் எடுத்தேன். சேர்மானம் சுத்தம்: சாமை மாவு, நாட்டுச் சர்க்கரை, வெண்ணெய், ஏலக்காய். முன்பக்கம் 'குளூட்டன் ஃப்ரீ'. பின்பக்கம் எச்சரிக்கை எதுவும் இல்லை. ஐந்தாம் ஆறாம் படி வரை எல்லாம் சரி. ஆனால் சின்னப் பேக்கரித் தயாரிப்பு, பெயர் கேள்விப்படாதது. அங்கிருந்தே போன் செய்தேன்.

"ஒரே ஓவன் தான் மேடம், ஆனா ட்ரே வேற வேற" என்றார் எடுத்தவர். மாவு பிசையும் இயந்திரம் பற்றிக் கேட்டேன். "அது ஒன்னுதான், துடைச்சிட்டுத்தான் போடறோம்." பரிசோதனை? "ஆரம்பத்துல ஒரு தடவை பண்ணினோம், ரிசல்ட் நல்லாத்தான் வந்தது."

அந்த மனிதர் ஒளிக்காமல் பதில் சொன்னார், அதற்கு நன்றி சொன்னேன். பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிட்டேன். ட்ரே வேறு என்பது நல்ல விஷயம்தான், ஆனால் மாவு பிசையும் இயந்திரத்தின் மூலையில் உலர்ந்த மைதா துணியால் துடைத்தால் போகாது, பரவத்தான் செய்யும். ஒரு தடவை செய்த பரிசோதனை அந்த ஒரு பேட்சைப் பற்றித்தான் சொல்லும். தனி இயந்திரம், அல்லது தண்ணீரில் கழுவிச் சுத்தம் செய்து பேட்ச் வாரியாகப் பரிசோதனை, இரண்டில் ஒன்று இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்.

பதில் எழுத்தில் வேண்டுமானால் மின்னஞ்சல் அனுப்புங்கள். கிடைத்த பதிலைத் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு யாரோ 'அது நல்லது' என்று சொன்ன ஞாபகத்தில் வாங்காமல் இருக்க இது உதவும்.

8. ராகி சேமியா: ஒரு பாக்கெட்டை முழுசாகப் படித்துப் பார்ப்போம்

எங்கள் வீட்டில் நடந்த தவறும் இதே பொருளில்தான். நோய் தெரிந்த முதல் வருஷம், முன்பக்கத்தில் ராகிக் கதிர் படம் போட்ட ஒரு ராகி சேமியாவை வாங்கி வந்து ஏழு வாரம் வாரத்துக்கு மூன்று நாள் காலை உணவாகக் கொடுத்தேன். ராகி நம் ஊர்த் தானியம், அதில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். மகள் வயிற்று வலி என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையில், இறங்க வேண்டிய எதிர்ப்பொருள் எண் ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்து பாக்கெட்டைத் திருப்பினேன்.

சேர்மானம்: ராகி மாவு, கோதுமை மாவு, உப்பு. இரண்டாவது சொல்லிலேயே இருந்தது. ராகியில் குளூட்டன் இல்லாததால் மாவு இழையாக நிற்காது. ஒட்டுவதற்குக் கோதுமை சேர்ப்பது சேமியாவிலும் நூடுல்ஸிலும் வழக்கம். ஏமாற்று இல்லை, லேபிளிலும் நேர்மையாக எழுதியிருந்தார்கள். படிக்காதது நான்தான்.

இப்போது அதே அலமாரியில் மேலே சொன்ன வரிசையில் போனால் எப்படி என்று பாருங்கள். முதல் பாக்கெட்: 'கன்டெய்ன்ஸ் வீட்' வரி. இரண்டு விநாடியில் கழிந்தது. இரண்டாவது: அரிசி சேமியா, சேர்மானம் அரிசி மாவு, உப்பு, 'மே கன்டெய்ன் வீட்' இருக்கிறது. கழிந்தது. மூன்றாவது: அரிசி சேமியா, சேர்மானம் அதேதான், எச்சரிக்கை இல்லை, 'குளூட்டன் ஃப்ரீ' என்றும் இல்லை. சேமியா அரைத்துச் செய்யும் பொருள்; அதே நிறுவனத்தின் கோதுமை சேமியா பக்கத்திலேயே அடுக்கியிருக்கிறது. இதையும் வைத்துவிட வேண்டும். நான்காவது: சேர்மானம் சரி, எச்சரிக்கை இல்லை, முன்பக்கம் 'குளூட்டன் ஃப்ரீ' இருக்கிறது. இதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஒரு போன்.

நான்காவது கிடைக்காத நாளும் உண்டு. அன்றைக்கு இடியாப்பம். கழுவிக் காயவைத்த பச்சரிசியை வீட்டில் அரைத்துப் பிழிந்தால் போதும்.

9. வாங்கி வந்த பிறகு

பழக்கமான பாக்கெட்டையும் ஒவ்வொரு முறையும் திருப்பிப் படியுங்கள். சேர்மானம் மாறினாலும் ஆலை மாறினாலும் முன்பக்கப் படம் மாறாது. இரண்டு மூன்று ஊரில் தயாரிக்கும் நிறுவனங்கள் எல்லா முகவரியையும் பாக்கெட்டில் போட்டு, பேட்ச் எண்ணின் முதல் எழுத்தைப் பார்த்து எந்த ஆலை என்று தெரிந்துகொள்ளச் சொல்லியிருக்கும். போன மாதம் நீங்கள் விசாரித்த ஆலையிலிருந்துதான் இந்தப் பாக்கெட்டும் வந்ததா என்று பாருங்கள். இணையத்தில் வாங்கும்போது பக்கத்தில் இருக்கும் படம் பழசாக இருக்கலாம். வீட்டுக்கு வந்த பாக்கெட்டைப் படித்த பிறகே பிரியுங்கள், பிரித்தால் திருப்பிக் கொடுக்க முடியாது.

டப்பாவில் கொட்டி வைப்பதாக இருந்தால் லேபிள் பகுதியை வெட்டி உள்ளேயே போட்டு வையுங்கள். குழந்தைக்கு ஏதாவது ஆனால் பேட்ச் எண் தேவைப்படும். அந்த டப்பாக்கள் எங்கள் வீட்டில் மேல் தட்டில் இருக்கின்றன. கோதுமை மாவு கீழ்த் தட்டில். மேலிருந்து கீழே சிந்தினால் பரவாயில்லை, கீழிருந்து மேலே சிந்தாது.

குழந்தை நன்றாக விளையாடுகிறது, ஆகவே வாங்கியது சரி என்று முடிவு செய்யாதீர்கள். என் மகளுக்கு ஏழு வாரம் ஒரு அறிகுறியும் இல்லை. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்து, முந்தின எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உணவு சரியாக இருந்தால் அந்த எண் மாதக்கணக்கில் மெதுவாக இறங்கிக்கொண்டே வரும். இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ, நோட்டை எடுத்து, அந்த இடைவெளியில் புதிதாக வந்த பாக்கெட் எது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும், பெரும்பாலும் அது ஏதோ ஒரு மாவு அல்லது பொடியாக இருக்கும்.